"ரெண்டு பாஷையும் ஒண்ணுதானே டீச்சர்?": கல்வி அலுவலரின் மேசைக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதும் முறை

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பல வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே வேலையோடுதான் வருகிறார்கள். "எங்க ஸ்கூல்ல தமிழ் டிவிஷன் வேணும், ஏ.இ.ஓ.வுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க டீச்சர்." தமிழ் டிவிஷன் என்றால் தமிழிலேயே பாடம் நடக்கும் தனி வகுப்புப் பிரிவு. மனு எழுத என்னிடம் வர வேண்டியதில்லை. இங்கே வேண்டியது வேறொன்று: ஏ.இ.ஓ. என்கிற உதவிக் கல்வி அலுவலர் படித்துவிட்டுத் தன் மேலிடத்துக்கு அப்படியே அனுப்பிவைக்கக்கூடிய ஒரு கொள்கைக் குறிப்பு. மனுவில் நம் வருத்தம் இருக்கும். கொள்கைக் குறிப்பில் அவர் எடுக்க வேண்டிய முடிவும், அதற்கான காரணமும், செலவும் இருக்கும். இதை முதன்முறை எழுதுகிறவர்களுக்காக இந்தக் கட்டுரை. பெற்றோர் சங்கத்துக்காரர்களாக இருந்தாலும் சரி, புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களாக இருந்தாலும் சரி.

உதாரணத்துக்கு ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். கற்பனைப் பள்ளிதான், ஆனால் வாளையாரிலிருந்து கோவிந்தாபுரம் வரை இதே மாதிரிப் பள்ளிகளைப் பார்க்கலாம். ஒன்று முதல் நான்கு வரை உள்ள எல்.பி. பள்ளி. எல்லா வகுப்பும் மலையாள மீடியம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் அதற்குள்ளேயே கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேட்பது ஒன்றாக இருக்கட்டும்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, ஒரே தாளில் எல்லாவற்றையும் கேட்பது. தமிழ் ஆசிரியர், தமிழ்ப் பெயர்ப்பலகை, நூலகம், யு.பி. வகுப்பு, போதாததற்கு மைதானத்துக்கு மதில். ஏ.இ.ஓ. அதைப் பார்த்ததும் "பலவிதக் கோரிக்கைகள்" என்று ஒரு வரி எழுதிக் கோப்பில் சேர்த்துவிடுவார். அவர் கையில் இருப்பது என்ன, மேலே போக வேண்டியது என்ன என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைச் சேர்ப்பதும் பாடநூலுக்குத் தேவைப்பட்டியல் கொடுப்பதும் தலைமை ஆசிரியர் வேலை. பணியிடக் கணக்கை ஏ.இ.ஓ. பார்ப்பார். கூடுதல் பணியிடம் என்று வந்தால் அது அரசு வரைக்கும் போகும். ஆகவே ஏ.இ.ஓ.விடம் "பணியிடம் கொடுங்கள்" என்று கேட்பது வீண். "பணியிடத்துக்கான முன்மொழிவைப் பரிந்துரையோடு அனுப்புங்கள்" என்று கேட்டால், அது அவரால் முடிகிற காரியம்.

நம் உதாரணப் பள்ளிக்கு நான் வைக்கும் கோரிக்கை இதுதான்: வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் ஒரு தமிழ் டிவிஷன், அதற்குத் தமிழ் மீடியத்தில் படித்து, தமிழில் ஆசிரியர் பயிற்சியும் முடித்த ஒரு ஆசிரியர். அவ்வளவுதான்.

தலையை எண்ணுவது

இந்தியாவில் சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் கொடுப்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1949ல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஒப்புக்கொண்டது: அந்த மொழி பேசும் பிள்ளைகள் ஒரு வகுப்பில் 10 பேர், அல்லது பள்ளி முழுவதும் சேர்த்து 40 பேர் இருந்தால், தாய்மொழியில் சொல்லித்தர ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த "அல்லது" என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். "ஒன்றாம் வகுப்பில் 9 பேர்தானே இருக்கிறார்கள், 10 இல்லையே" என்று திருப்பி அனுப்பிய கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். பள்ளி முழுக்க எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது.

எண்ணும்போது இன்னொரு பிசகும் நடக்கிறது. குறிப்பு எழுதுவது பிப்ரவரியில். நம் பள்ளியில் அப்போது ஒன்றில் 11, இரண்டில் 10, மூன்றில் 12, நான்கில் 8 தமிழ்ப் பிள்ளைகள், ஆக மொத்தம் 41. "நாற்பதுக்கு மேல் இருக்கிறதே" என்று சந்தோஷமாக எழுதி அனுப்புவார்கள். நான்காம் வகுப்பின் 8 பேரும் மார்ச்சோடு பள்ளியை விட்டுப் போய்விடுவார்களே! ஜூன் கணக்கைத்தான் போட வேண்டும். புதிதாகச் சேரும் 9, இரண்டுக்குப் போகும் 11, மூன்றுக்குப் போகும் 10, நான்குக்குப் போகும் 12. மொத்தம் 42. கணக்குத் தேறுகிறது, ஆனால் மயிரிழையில். மூன்று பிள்ளைகள் பொள்ளாச்சிப் பக்கம் குடிபோனால் 39 ஆகிவிடும். அதனால் அங்கன்வாடிப் பட்டியலையும், இப்போது படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகள் பெயரையும் வாங்கி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஏன் பிப்ரவரி? பள்ளி திறப்பதற்கு மூன்று மாதம் முன்பே சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு முன்பதிவுப் பதிவேடு திறக்க வேண்டும் என்பதும் மாநிலங்கள் ஒப்புக்கொண்ட ஏற்பாடுதான். பல பள்ளிகளில் அப்படி ஒரு பதிவேடே இருக்காது. ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, தலைமை ஆசிரியரிடம் முதல் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கேரளத்தில் பணியிடக் கணக்கு, பள்ளி திறந்து ஆறாம் வேலைநாளில் இருக்கும் எண்ணிக்கையை வைத்துத்தான். அந்த நாளுக்குப் பிறகு 50 பேரைக் கூட்டிவந்தாலும் அந்த வருடக் கணக்கில் சேராது.

தாய்மொழி எது என்று யார் சொல்வது?

பெற்றோர் அறிவிப்பதுதான் தாய்மொழி. 1949 தீர்மானமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் இந்த எல்லைப் பக்கம் அது அவ்வளவு நேராக இல்லை. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கடையில் மலையாளம் என்று வாழும் குடும்பங்கள் இங்கே உண்டு. "உங்க தாய்மொழி என்ன?" என்று கேட்டால் ரேஷன் கார்டை எடுத்து வருவார்கள். சிலர், மலையாளம் என்று எழுதினால்தான் பிள்ளைக்கு நாளைக்கு நல்லது என்று நினைத்து அப்படியே எழுதிவிட்டும் போய்விடுவார்கள். அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன். "ராத்திரி பிள்ளை தூங்கறப்ப அம்மாயிகிட்ட என்ன பாஷையில கதை கேக்கும்?" "பல் விழுந்தா என்ன பாஷையில அழும்?" பதில் தானாக வரும். அதற்குப் பிறகு படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். அதே சொல் பள்ளியின் சேர்க்கைப் பதிவிலும் யு-டைஸ் என்ற அரசுக் கணினிப் பதிவிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பில் தமிழ் என்றும் கணினியில் மலையாளம் என்றும் இருந்தால், அலுவலர் கணினியைத்தான் நம்புவார்.

சட்டம், ஒரு பத்தியில்

இதை நீட்ட வேண்டாம், அவருக்குத் தெரிந்ததுதான். 1956ல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 350ஏ பிரிவு, தொடக்க நிலையில் சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்க வசதி செய்ய மாநிலம் முயல வேண்டும் என்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பயிற்றுமொழி "முடிந்தவரை" தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழி என்கிறது, அங்கேயும் "எங்கெல்லாம் முடியுமோ" என்ற சொல் இருக்கிறது. பத்து-நாற்பது கணக்கும் ஒப்புக்கொண்ட கொள்கைதான், சட்டப்பிரிவு இல்லை. எல்லாவற்றிலும் இப்படி ஒரு தளர்ச்சி இருப்பதால், சட்டத்தைக் காட்டி மிரட்டுகிற தொனி இங்கே எடுபடாது. 2014ல் உச்ச நீதிமன்றமும், தாய்மொழி மீடியத்தை அரசு யார் மீதும் திணிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. எனவே "எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளையும் தமிழ் டிவிஷனில் சேர்க்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். விரும்பிக் கேட்கிற பெற்றோருக்கு வசதி வேண்டும் என்று எழுதுங்கள்.

உண்மையான கேள்வி

இதுவரை சொன்னதெல்லாம் தாள் வேலை. அலுவலரின் மனதில் இருக்கும் மறுப்பு வேறு. அவர் அதை எழுத மாட்டார், டீ குடிக்கும்போது சொல்வார்: "ரெண்டு பாஷையும் ஒண்ணுதானே டீச்சர்? இந்தப் பிள்ளைங்க மூணு மாசத்துல மலையாளம் புடிச்சிடும்."

குறிப்பின் முதுகெலும்பு இதற்கான பதில்தான். பீகாரிலிருந்து வந்த தொழிலாளியின் பிள்ளை மலையாள வகுப்பில் விழித்தால் அது எல்லோருக்கும் தெரியும். தமிழ்ப் பிள்ளை அப்படி விழிக்காது, தலையாட்டும். பாதிச் சொல் தெரிந்த சொல்லாக இருப்பதால், புரியாததையும் புரிந்ததாக எடுத்துக்கொள்ளும். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், நமக்குப் பெருக்கு. அங்கே அவசரம் என்றால் வாய்ப்பு. அங்கே சம்சாரம் என்றால் பேச்சு, நம் ஊரில் அது மனைவி! குட்டி என்றால் அங்கே மனிதக் குழந்தை, நம் பிள்ளைக்கு அது ஆட்டுக்குட்டி. "கிளாஸில் எத்ர குட்டிகள்?" என்ற கணக்குக்கு ஒரு பையன் ஒருமுறை என்னிடம், "எங்க வீட்ல ரெண்டு, மாமா வீட்ல அஞ்சு" என்றான். அவன் கணக்கில் தப்பே இல்லை.

சொல்லை விடப் பெரிய சிக்கல் வினையில் இருக்கிறது. தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள் என்று வினையே ஆளைக் காட்டிவிடும். மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு. வினை மாறாது. கதையில் ஒரு வாக்கியத்தில் எழுவாயை விட்டுவிட்டால், தமிழ்ப் பிள்ளை வினையின் வாலைப் பிடித்து ஆளைத் தேடும். அங்கே வால் இருக்காது. யார் யாரை அடித்தார்கள், யார் அழுதார்கள் என்பது தவறிப்போகும். எழுத்திலும் அப்படித்தான். நாம் க என்ற ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு கல், தங்கம், பகல் மூன்றையும் எழுதிவிடுகிறோம். இடத்தைப் பார்த்து ஒலி தானே மாறும். மலையாளத்தில் அந்த வரிசையில் மெல்லெழுத்தை விட்டால் நான்கு எழுத்து. தன் பேச்சில் தனியாகக் கேட்டே இராத ஒலிகளுக்கு வடிவம் மனப்பாடம் செய்வதில் பிள்ளைக்கு முதல் வருடம் போய்விடும். இந்த மூன்றையும் உங்கள் பள்ளியிலிருந்தே உதாரணம் எடுத்து அரைப் பக்கம் எழுதுங்கள். உலகத்தில் எங்கெங்கோ நடந்த ஆய்வுகளை அடுக்குவதை விட இது வேலை செய்யும், ஏனென்றால் படிக்கிறவர் மலையாளி. அவரால் நாவில் சொல்லிப் பார்க்க முடியும்.

ஒரு மதிய வேலையில் கிடைக்கும் ஆதாரம்

உதாரணங்களோடு ஒரு சிறிய சோதனையும் சேர்த்தால் மறுப்பது கஷ்டம். ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளில் பெயர்ப்பட்டியல் வரிசைப்படி பத்துப் பேர் போதும். நீங்களாகப் பொறுக்கினால் மக்குப் பிள்ளைகளைப் பொறுக்கினீர்கள் என்பார்கள். ஏறக்குறைய 60 சொல்லில், ஒரே அளவு எளிமையில் இரண்டு கதை தயார் செய்யுங்கள். ஐந்து பேருக்கு முதல் கதையைத் தமிழிலும் இரண்டாம் கதையை மலையாளத்திலும் சொல்லுங்கள். மற்ற ஐந்து பேருக்கு மாற்றி, முதல் கதை மலையாளத்திலும் இரண்டாவது தமிழிலும். மலையாளக் கதையை மலையாளத்தையே தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர் சொல்லட்டும், இல்லாவிட்டால் உச்சரிப்பைக் குறை சொல்வார்கள். ஒவ்வொரு கதைக்கும் ஐந்து கேள்வி. இரண்டு கேள்வி "யார்", இரண்டு "ஏன்", ஒன்று "அப்புறம் என்ன ஆச்சு". பதிலை எந்த மொழியில் சொன்னாலும் சரியென்று எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நாம் சோதிப்பது புரிதலை.

"யார்" கேள்விகளின் மதிப்பெண்ணைத் தனியாகக் காட்டுங்கள், வினை பற்றி மேலே எழுதியதற்கு அதுதான் சாட்சி. மதிப்பெண் இரண்டு மொழியிலும் ஒன்றாகவே வந்தால்? அதையும் எழுதத்தான் வேண்டும். அப்படி வந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகள் உண்மையிலேயே இருமொழிப் பிள்ளைகள். அங்கே தமிழை ஒரு பாடமாகக் கேட்டால் போதும், டிவிஷன் கேட்க வேண்டாம். எல்லையை ஒட்டிய மீனாட்சிபுரத்துப் பிள்ளையும் பாலக்காட்டு டவுன் பிள்ளையும் ஒன்று இல்லையே.

வாசிப்பு வேகத்தை அளந்து போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஆங்கிலத்துக்கு வைத்த அளவைத் தமிழுக்கு வைக்கக் கூடாது. "வந்துகொண்டிருக்கிறார்கள்" நமக்கு ஒரே சொல். என்.சி.இ.ஆர்.டி. 2022ல் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்விலும் 20 மொழிகளுக்குத் தனித்தனி அளவுதான் வகுத்தார்கள்.

மலையாளத்தை எங்கே வைக்கிறீர்கள்?

இதை எழுதாமல் விட்ட குறிப்பு தேறவே தேறாது. கேரளப் பள்ளிகளில் மலையாளம் கற்பது 2017 சட்டப்படி கட்டாயம். பெற்றோருக்கும் அந்தப் பயம் உண்டு, பிள்ளை நாளைக்கு அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டுமே என்று. எனவே ஒரு பத்தியில் திட்டத்தைச் சொல்லிவிடுங்கள். நான் எழுதுவது இப்படி: ஒன்றாம் வகுப்பில் மலையாளம் காதுக்கும் வாய்க்கும் மட்டும், தினம் அரைமணி, பாட்டும் கதையும் விளையாட்டும். தமிழில் உயிர்மெய் எழுத்தெல்லாம் தடுமாறாமல் வாசித்த பிறகு, அதாவது இரண்டாம் வகுப்பின் பாதியில், மலையாள எழுத்து. அதற்குள் எழுத்து என்றால் ஒலி என்ற சூட்சுமம் பிள்ளைக்குப் பிடிபட்டிருக்கும். இரண்டாவது எழுத்துமுறை சீக்கிரம் வந்துவிடும்.

செலவும், மறைக்கக்கூடாத இரண்டாவது ஆசிரியரும்

ஒன்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியரா என்ற கேள்வி கட்டாயம் வரும். கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு 30 பேருக்கு ஒருவர். இதற்கு நான் சொல்லும் வழி: முதல் வருடம் அந்த ஆசிரியர் ஒன்றாம் வகுப்பைத் தமிழில் எடுப்பார். இரண்டாம் வகுப்பில் இருக்கும் 11 தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு பீரியட் தமிழ் வாசிப்பும் எடுப்பார். அந்தப் பதினொரு பேரை மீடியம் மாற்றாதீர்கள். ஒரு வருடம் மலையாள எழுத்தோடு மல்லுக்கட்டியவர்களைத் திரும்ப முதலிலிருந்து இழுப்பது அவர்களுக்குத் தண்டனை. அடுத்த வருடம் ஒன்றும் இரண்டும் சேர்ந்து 20 பேர் போல ஆகும், அதே ஆசிரியர் இரண்டையும் சேர்த்து நடத்தலாம். மூன்றாம் வருடம் இரண்டாவது ஆசிரியர் வேண்டும். இதையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். மறைத்துவிட்டு மூன்றாம் வருடம் போய் நின்றால், முதல் ஆசிரியரையும் சேர்த்தே கேள்வி கேட்பார்கள்.

பாடநூலுக்குப் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. தமிழ் மீடிய நூல்கள் வெளியிடுகிறது. தேவைப்பட்டியலில் எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்பதுதான் விஷயம். புத்தகம் வரத் தாமதமானால், கோயம்புத்தூரிலிருந்து தமிழ்நாட்டுப் புத்தகம் வாங்கி ஒப்பேற்றும் பழக்கம் இங்கே உண்டு. வாசிக்க வைத்துக்கொள்ளலாம், பாடத்திட்டம் வேறு என்பதால் அதை வைத்து வகுப்பு நடத்த முடியாது.

ஆசிரியர் தகுதியை ஏன் கோரிக்கை வரியிலேயே வைத்தேன் என்றால், ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். ஒரு பள்ளிக்கு டிவிஷன் வாங்கினோம், பலகை மாட்டினோம், இனிப்பும் கொடுத்தோம். வந்த ஆசிரியருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. தாளில் தமிழ் மீடியம், வகுப்பில் மலையாளம். நான்கு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது, ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டைப் புரட்டியபோது. தேதி, தலைப்பு, வீட்டுப்பாடம் எல்லாம் மலையாளம். அதனால் டிவிஷன் கிடைத்த பிறகு நோட்டைப் பாருங்கள், பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

தாளில் ஏற்றுவது

இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பத்தியிலேயே கோரிக்கை, எண்ணிக்கை, தேதி மூன்றும் வந்துவிட வேண்டும். இப்படி:

"எங்கள் எல்.பி. பள்ளியில் வரும் ஜூன் மாதம் தமிழைத் தாய்மொழியாக அறிவித்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் 9 பேரும் பள்ளி முழுவதும் 42 பேரும் இருப்பார்கள். பள்ளிக்கு 40 என்ற அளவு இதனால் நிறைவாகிறது. ஒன்றாம் வகுப்பில் தமிழ் டிவிஷன் தொடங்கவும், தமிழ் மீடியத்தில் பயின்ற ஒரு ஆசிரியருக்கான முன்மொழிவை மார்ச் 31க்குள் பரிந்துரையோடு அனுப்பவும் வேண்டுகிறோம்."

அடுத்து, "மொழி ஒன்றுதானே" என்பதற்கான அரைப் பக்கம், சோதனையின் முடிவு ஒரு சிறிய அட்டவணையாக, பிறகு மலையாளத் திட்டம், செலவு. சட்டம் கடைசியில். பெற்றோர் அறிவிப்புகளும் பதிவேட்டின் நகலும் இணைப்பு.

எந்த மொழியில் எழுதுவது? 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளலாம். சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களின் அலுவலகங்களுக்கும் அது பொருந்தும். உரிமை இருக்கிறது, ஆனால் கோப்பு மலையாளத்தில்தான் நகர்கிறது. தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு, மலையாளப் பிரதியையும் கூடவே பின் செய்துவிடுங்கள். கிளார்க் மொழிபெயர்க்கட்டும் என்று விட்டால், உங்கள் "அல்லது" காணாமல் போகலாம்.

நேரில் கொடுத்து, வரவு எண்ணை வாங்கிக்கொண்டு திரும்புங்கள். பதினைந்து நாள் கழித்து அந்த எண்ணைச் சொல்லி, கோப்பு இப்போது எந்த இருக்கையில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஜூனில் ஆறாம் வேலைநாள் அன்று காலை மணி அடிப்பதற்கு முன்பே பள்ளி வாசலில் நில்லுங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் அனுப்ப அப்போதுதான் நேரம் இருக்கும்.